லோ ஃபேட், சுகர் ஃப்ரீ, நேச்சுரல்: மூன்று பாக்கெட்டுகள், மூன்று வேறு கணக்குகள்

கீழக்கரை, மண்டபம், ராமநாதபுரம் என்று எந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 'லோ ஃபேட்' பழத்தயிர் கப், 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட், 'நேச்சுரல்' கருப்பட்டி. வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்தால் மூன்றும் அவருக்காகவே வந்த மாதிரி தெரியும். ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018இல் கொண்டுவந்த விளம்பர விதிமுறைகளில் இந்த மூன்று சொற்களுக்கும் மூன்று தனித்தனி நிபந்தனைகள். ஒன்று கொழுப்பை மட்டும் அளக்கிறது. அடுத்தது சர்க்கரையை மட்டும் அளக்கிறது. மூன்றாவது எதையும் அளப்பதே இல்லை.

முதலில் லோ ஃபேட். திட உணவானால் 100 கிராமில் 3 கிராம் கொழுப்புக்கு மேல் போகக்கூடாது, திரவமானால் 100 மில்லியில் 1.5 கிராம். 'ஃபேட் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் இரண்டுக்கும் 0.5 கிராம்தான் எல்லை. கொழுப்பை எடுத்த இடத்தில் எதைப் போடலாம் என்பதைப் பற்றி இந்த நிபந்தனையில் ஒரு சொல்லும் கிடையாது. கொழுப்பு போனால் தயிரின் வழவழப்பும் ருசியும் சேர்ந்தே போகும். அதை ஈடுகட்டச் சீனியும் ஸ்டார்ச்சும் உள்ளே வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழத்தயிர் கப்பில் 100 கிராமுக்குக் கொழுப்பு 2, புரதம் 4, மாவுச்சத்து 16 கிராம் என்று வையுங்கள். கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டுக்கும் 4. மொத்தம் 98 கலோரி. அதே அளவு வீட்டுத் தயிரை 4.5 சதவீதக் கொழுப்புள்ள பாலில் உறை ஊற்றினால் கொழுப்பு 4.5, புரதம் 3.5, மாவுச்சத்து 4.5 கிராம் என்று வரும். அது 73 கலோரிக்குள் முடிந்துவிடும். கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிற தயிரில் கலோரி குறைவு. கப்பில் எழுதியது பொய்யில்லை, கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லியிருக்கிறது. 'லைட்' என்றோ 'கொழுப்பு குறைக்கப்பட்டது' என்றோ இருந்தால் அது இன்னும் தளர்ந்த வாக்கு. ஒப்பிடும் பொருளைவிட 25 சதவீதம் குறைந்திருந்தால் போதும். 32 கிராம் கொழுப்புள்ள சிப்ஸ் 24 கிராமுக்கு இறங்கினாலும் அந்தச் சொல்லைப் போடலாம்.

அதிகம் ஏமாற வைப்பது சுகர் ஃப்ரீதான். 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக்கூடாது என்பது எல்லை, கேட்க மிகக் கடுமையாக இருக்கும். ஆனால் இங்கே சர்க்கரை என்று எண்ணப்படுவது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் மாதிரியான சிறு மூலக்கூறுகள் மட்டுமே. மைதா மாவின் ஸ்டார்ச் அந்தக் கணக்கில் வராது. ஸ்டார்ச்சை உடைத்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினும் பெரும்பாலும் வராது. இரண்டுமே குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் ஏறுகிறவை.

இதற்கும் ஒரு மாதிரிக் கணக்கு. சுகர் ஃப்ரீ பிஸ்கட் 100 கிராமில் மாவுச்சத்து 68 கிராம். அதில் 16 கிராம் சீனிக்குப் பதிலாகப் போடும் மால்டிடால் என்ற இனிப்பு (பட்டியலில் 965 என்ற எண்ணாகவும் வரும்), மீதி 52 கிராம் அநேகமாக மைதா. கொழுப்பு 20, புரதம் 7. மால்டிடால் வகைக்கு கிராமுக்கு 2.4 கலோரி என்று வைத்தால் மொத்தம் 450ஐத் தாண்டும். பக்கத்தில் இருக்கும் சாதாரண டீ பிஸ்கட்டில் மாவுச்சத்து 77, அதில் சர்க்கரை 22, கொழுப்பு 12, புரதம் 7 என்றால் 444 கலோரி. சாயங்கால டீயோடு 25 கிராம் சாப்பிடுகிறவருக்குச் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் 13 கிராம் ஸ்டார்ச்சும் 4 கிராம் மால்டிடாலும் போகிறது, சாதாரண பிஸ்கட்டில் சீனியும் ஸ்டார்ச்சுமாக 19 கிராம். குறைவுதான், ஆனால் 'ஃப்ரீ' என்று நினைத்து எட்டு பிஸ்கட் எடுத்தால் அந்த லாபமும் போச்சு. மால்டிடாலும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அளவு கூடினால் வயிற்றுப்போக்கு. அதனால்தான் மால்டிடால் மாதிரியான பாலியால் வகை இனிப்பு 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அந்த எச்சரிக்கையை லேபிளில் அச்சடிக்க வேண்டும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் தேடுங்கள்.

'நோ ஆடட் சுகர்' என்பது இதற்குத் தம்பி இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை. அதில் எந்த அளவும் கிடையாது. சீனி, தேன், வெல்லம், அடர்த்தியாக்கிய பழச்சாறு எதுவும் சேர்க்கக்கூடாது என்பதே நிபந்தனை. பழத்திலோ பாலிலோ இயல்பாக இருக்கும் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் தடையில்லை, ஆனால் அப்படி இருப்பதை லேபிளில் சொல்ல வேண்டும். கருப்பட்டி போட்ட பிஸ்கட்டுக்கு இந்தச் சொல் பொருந்தாது. 'வெள்ளைச் சீனி இல்லை' என்று எழுதியிருந்தால் அது இவை இரண்டும் அல்ல, உள்ளே வேறு சர்க்கரை இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நேச்சுரல். தாவரம், விலங்கு, கனிமம், நுண்ணுயிர் என்ற மூலம் ஒன்றிலிருந்து வந்த ஒற்றை உணவாக இருக்க வேண்டும். எதுவும் சேர்க்கப்பட்டிருக்கக்கூடாது. காயவைப்பது, வறுப்பது, உறையவைப்பது, பாஸ்சுரைஸ் செய்வது, சுண்டவைப்பது எல்லாம் சரி. பல பொருள் கலந்த உணவை நேச்சுரல் என்று சொல்லவே கூடாது. அதன் ஒவ்வொரு பொருளும் சேர்மானமும் இந்த நிபந்தனைக்குள் வந்தால் 'இயற்கைப் பொருட்களால் ஆனது' என்று எழுதலாம், அவ்வளவுதான்.

இந்தக் கரையில் இதைச் சோதிக்கக் கருவாடு நல்ல பொருள். உப்பில்லாமல் வெயிலில் காய்ந்த நெத்திலி இந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். உப்பு தடவிய சீலாக் கருவாடு, விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், வராது. ரத்த அழுத்தக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைச் சோடியம் வரி சொல்லும், நேச்சுரல் என்ற சொல் சொல்லாது.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்கு வருவோம். கலப்படமில்லாமல் பதநீரை மட்டும் காய்ச்சி எடுத்ததானாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். டீயில் 10 கிராம் கருப்பட்டி போட்டால் சீனிக்கு ஏறக்குறைய நிகரான சர்க்கரை உள்ளே போகிறது. சீனிப்பாகு கலந்திருந்தால் அது ஒற்றை உணவே இல்லை, நேச்சுரல் என்று போட்டதும் தப்பு. கலப்பை நிறம் பார்த்தோ தண்ணீரில் கரைத்தோ உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். பிராண்டின் பெயரிலேயே நேச்சுரல் என்று இருந்து வாங்குகிறவரைக் குழப்பும் என்றால், அது வெறும் பெயர்தான், பொருளின் தன்மையைக் குறிக்கவில்லை என்று 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அச்சடிக்கச் சொல்கிறது விதி. பெயருக்கு மேலே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் இதைத்தான் தேட வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் டீ வேளைக்கு இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், பிஸ்கட்டை இரண்டோடு நிறுத்துகிறவருக்குச் சுகர் ஃப்ரீ. நிறுத்த முடியாதவர் மூன்றையும் விட்டுவிட்டு இனிப்பில்லாத வீட்டுத் தயிரை எடுக்கலாம். கருப்பட்டியை ருசிக்காக வாங்குங்கள், மருந்தாக வேண்டாம். எந்த பாக்கெட்டானாலும் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கான வரிசையை வைத்தே ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனிக்கு 'ஒரு பரிமாறல்' என்பது இரண்டு பிஸ்கட், இன்னொன்றுக்கு ஐந்து.