மூட்டுவலிக்கு எது: நாப்ராக்ஸனும் ஒமிப்ரசோலுமா, செலிகாக்சிப்பா?

வயிற்றுச் சுவரைக் காக்கும் சளிப்படலம் ஊறுவதற்கு, உடலே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வேண்டும். நாப்ராக்ஸன், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகிய வலிமாத்திரைகள் வலியோடு அதையும் குறைத்துவிடுகின்றன. இது ரத்தம் வழியாக நடப்பதால், சாப்பிட்ட பிறகு போட்டாலும் புண் வரலாம். 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

வயிறு: நாப்ராக்ஸனுடன், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் சேர்ந்தால் புண் வெகுவாகக் குறையும். வயிற்றின் புராஸ்டாகிளாண்டினை அதிகம் தொடாத வலிமாத்திரையான செலிகாக்சிப் தனியாகவே ஏறக்குறைய அதே அளவு பாதுகாப்பு.

சிறுகுடல்: ஒமிப்ரசோல் அமிலத்தைத்தான் குறைக்கும், குடலைக் காக்காது. இங்கே செலிகாக்சிப் மேல்.

இதயம்: மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டுமே சிக்கல்தான். தவிர்க்கவே முடியாதென்றால் நாப்ராக்ஸன் பக்கம் சாய்வார்கள்.

வசதி: ஒமிப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். வயிறு சரியாக இருக்கிறதே என்று பலர் நிறுத்துவது அதைத்தான்!

அல்சரில் ரத்தம் கசிந்த அனுபவம் உள்ளவருக்கு ஒன்று போதாது. செலிகாக்சிப்புடன் ஒமிப்ரசோலும் சேர்த்தே தருவார்கள். அல்சரை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சரி, 70 வயது, முழங்கால் வலி, இதயத்துக்காகத் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் என்றால்? ஆஸ்பிரின் சேர்ந்தாலே செலிகாக்சிப்பின் வயிற்றுச் சாதகம் பெரும்பாலும் போய்விடும். இவருக்கு நான் இரண்டையும் தள்ளிவைத்து, முழங்காலில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத்தான் முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். மலம் தார் போலக் கறுத்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.