நம் பெட்டிக்கு அடையாளம்: சிவப்பு ரிப்பனா, கலர் பெல்ட்டா, பெயின்ட்டா?

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானத்தில் கருப்பு டிராலிப் பெட்டி இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன முறை கைப்பிடியில் சிவப்பு ரிப்பனைப் பார்த்ததும் ஒரு பெட்டியை இழுத்து இறக்கிவிட்டேன். "ஏங்க, நான் ரெண்டு முடிச்சுல்ல போட்டேன்?" என்றார் மனைவி. அது யாருடையதோ. அவசரமாகத் திரும்ப, பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டில் ஏற்றினேன்.

ரிப்பனின் கோளாறே அதுதான்: எல்லாருக்கும் தோன்றும் முதல் யோசனை. பெட்டி கவிழ்ந்து வந்தால் கைப்பிடியும் தெரியாது. கட்டத்தான் வேண்டுமென்றால் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டுங்கள். அதே கரை இன்னொரு பெட்டியில் இருக்காது.

பெட்டியைச் சுற்றி மாட்டும் கலர் பெல்ட் எந்தப் பக்கம் புரண்டாலும் தெரியும். ஆனால் வழியில் எங்காவது மாட்டிக் கழன்றுபோகலாம். பெல்ட்டை மட்டும் தேடிக்கொண்டு நிற்பவர், பெல்ட் இல்லாமல் எதிரே போகும் தன் பெட்டியையே விட்டுவிடுவார். துணி உறைக்கும் இதே கதி. சோதனைக்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் முழுசாக உரிக்கவும் வேண்டும்.

என் ஓட்டு, கழற்ற முடியாத அடையாளத்துக்கு. பிளாஸ்டிக் பெட்டியென்றால் பெயின்ட் மார்க்கரால் முன், பின், இரு பக்கவாட்டு, சக்கரம் இருக்கும் அடிப்பக்கம் என எல்லா இடத்திலும் ஒரே வடிவத்தை உள்ளங்கை அளவுக்குப் போடுங்கள். அடிப்பக்கத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். சுற்றிவரும் பெல்ட்டில் பல பெட்டிகள் சக்கரத்தைக் காட்டிக்கொண்டுதான் வருகின்றன. துணிப் பெட்டியில் டேப் உரிந்துவிடும், பளிச்சென்ற துணியைத் தைப்பதே நிற்கும். அழகு கெடும்தான். கெட்டால்தான் இன்னொருவர் கை வைக்கத் தயங்குவார்.

பெட்டிக்குள் போடும் ஏர்டேக் வேறு வேலைக்கு. பெட்டி ஊர் வந்து சேர்ந்ததா என்று அது சொல்லும். யாரோ தூக்கிப் போனால் தேட உதவும். நீங்களே தவறாக எடுப்பதை அது தடுக்காது.

அதைத் தடுப்பது டேக் எண். பெட்டியைப் போடும்போது கவுன்டரில் ஒரு சிறு ரசீது தருவார்கள், பெரும்பாலும் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருக்கும். பெட்டியில் கட்டிய பட்டையிலும் அதே 10 இலக்க எண். கடைசி நான்கைந்து இலக்கங்களை ஒப்பிட்டால் போதும். பழைய பயணத்தின் பட்டையையும் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களையும் புறப்படும் முன்பே கிழித்துவிடுங்கள். பழைய பார்கோடு படிக்கப்பட்டால் பெட்டி வழி தவறிவிடலாம்.

உங்கள் பெட்டி வராமல், அதே மாதிரி ஒன்று மட்டும் கேட்பாரற்றுச் சுற்றுகிறதா? வெளியே போகாமல் விமான நிறுவனத்தின் கவுன்டரில் அதைக் காட்டுங்கள். உங்கள் பெட்டியை எடுத்துப் போனவர் யாரென்று பெரும்பாலும் அதில் தொங்கும் டேக் எண்ணை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.