டாப்பர் நோட்ஸும் என் பிழைத்தாளும்: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

போன வருடம் நுழைவுத் தேர்வில் முதலிடம் பிடித்த ஒரு அக்காவின் வேதியியல் நோட்ஸ் ஓராண்டுக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைக்கூட நான் அப்படியே எழுதி எடுக்கவில்லை. ஆனால் அதிகம் புரட்டியது அதைத்தான். வெப்ப இயக்கவியல் பாடத்தை வைத்து அதை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

நன்றாகப் படிப்பவர்கள், தங்களுக்கு மறந்துபோகிற விஷயங்களைத்தான் நோட்ஸில் எழுதுவார்கள். நன்றாகத் தெரிந்ததை எழுத மாட்டார்கள். அந்த அக்காவின் பக்கத்தில் வேலைக்கான w = −P_ext ΔV என்ற சூத்திரம் இருக்கும். அதில் ext மட்டும் சிவப்பு மையில் இரண்டு முறை வட்டமிடப்பட்டிருக்கும். வாயுவின் அழுத்தத்தைப் போடுவதா, வெளி அழுத்தத்தைப் போடுவதா என்பதில்தான் அவருக்குத் தடுமாற்றம் இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் குழப்பமே இல்லை. 2 atm வெளி அழுத்தத்துக்கு எதிராக வாயு 2 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு விரிகிறது, 800 ஜூல் வெப்பத்தை ஏற்கிறது என்றால், வேலை −6 லிட்டர்-atm என்று சரியாகவே போடுவேன். ஆனால் அதை ஜூலுக்கு மாற்றாமல் 800-லிருந்து கழித்து 794 என்று எழுதிவிடுவேன். ஒரு லிட்டர்-atm 101.3 ஜூல். அதனால் வேலை −608 ஜூல், உள் ஆற்றல் மாற்றமான ΔU வெறும் 192 ஜூல். அலகு மாற்றம் பற்றி அக்காவின் பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு அது தேவைப்படவில்லை, எனக்கு அதுதான் தேவை.

இதைவிட ஆபத்தானது, எழுதப்படாத நிபந்தனை. அதே பக்கத்தில் 'வெப்பநிலை மாறாவிட்டால் ΔU = 0' என்று ஒரு வரி. படித்தால் விதி மாதிரியே இருக்கும். இப்போது ஒரு மோல் தண்ணீர் 100°C-யில், 1 atm அழுத்தத்தில் ஆவியாகிறது, ΔU எவ்வளவு என்று கேட்டால்? வெப்பநிலை மாறவில்லை, ஆகவே பூஜ்யம் என்று கை தானாக எழுதும். உண்மையில் ஆவியாக ஏற்கும் வெப்பமான ΔH சுமார் 40.7 கிலோஜூல். திரவத்தின் கனஅளவு நீராவியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது என்பதால், நீராவி விரிவதற்கான பங்கு RT, அதாவது 8.314 × 373, ஏறக்குறைய 3.1 கிலோஜூல். அதைக் கழித்தால் ΔU சுமார் 37.6 கிலோஜூல். மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்க அந்த ஆற்றல் போயிருக்கிறது. அக்காவின் வரி நல்லியல்பு வாயுவுக்கு மட்டும்தான் பொருந்தும். அது அவர் மனதில் இருந்ததால் தாளில் எழுதவில்லை.

அதனால் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் பாடப்புத்தகம். அப்புறம் நோட்ஸைத் திறக்காமல் ஒரு பத்துப் பதினைந்து கணக்கு. தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த அடியில் வழுக்கினேன் என்று ஒரு வரி: குறி, அலகு, நிபந்தனை, இல்லை கேள்வியே புரியவில்லை. அதற்குப் பிறகுதான் டாப்பர் நோட்ஸ். ஒவ்வொரு வரியிலும் 'இது எப்போது பொருந்தாது?' என்று கேட்டுப் பார்ப்பேன். பதில் தெரிந்தால் பென்சிலில் ஒரு டிக். தெரியாவிட்டால் புத்தகத்துக்குத் திரும்பிப் போய் நிபந்தனையைக் கண்டுபிடிப்பேன்.

என் பிழைத்தாளில் ஏறுவது நான் தவறிய இடங்கள் மட்டும், அதுவும் கேள்வியாக. 'ΔU = 0 என்று போடுமுன்: நல்லியல்பு வாயுவா? நிலைமாற்றம் நடக்கிறதா?' 'கூட்டுமுன்: இரண்டும் ஜூலா?' விடையாக எழுதி வைத்தபோது கண் அதன் மேல் ஓடிவிட்டது. கேள்வியாக இருந்தால் நின்று பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் கழித்து, அதே வகையில் எண்களும் சூழலும் மாறிய கணக்குகளைப் போடுவேன். இரண்டு முறை தொடர்ந்து சரியாக வந்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடுவேன். அலகு பற்றிய கேள்வி சீக்கிரமே போய்விட்டது. நிபந்தனைக் கேள்விகள் பல மாதம் நின்றன, சில இன்னும் நிற்கின்றன.

நோட்ஸைப் படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருந்து, மூடிவிட்டுக் கணக்கைத் தொட்டால் முதல் அடியே வரவில்லை என்றால், அவருடைய வரிகள் பழகியிருக்கின்றன, பாடம் ஏறவில்லை என்று அர்த்தம். அப்போது நோட்ஸை ஓரம் வைத்துவிடுவேன்.

இன்னொன்று: இந்த முறை நான் ஒரு தடவையாவது படித்த பாடத்துக்குத்தான் உதவியது. மின்வேதியியலை நேராக நோட்ஸிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். அக்காவின் சுருக்கக் குறிகளைப் புரிந்துகொள்ளவே நேரம் போனது. தவறு செய்யும் அளவுக்குக்கூடப் பாடம் தெரியாததால், பிழைத்தாளில் எழுத ஒன்றும் இல்லை. புத்தகத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் பயன்பட்டன.