"பச்சைப்பிள்ளை எண்ணெய்" வாங்கும் மட்டக்களப்பு ஆட்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு நகருக்குள் இருக்கிற ஒரு நாட்டு மருந்துக் கடையில், "சுத்தமான தேங்காயெண்ணெய், பச்சைப்பிள்ளைக்குப் பூசி உருவிவிட நல்லது" என்று சொல்லி என் தங்கச்சிக்கு ஒரு போத்தல் விற்றிருக்கிறார்கள். போத்தலில் தென்னை மரப் படமும் பிள்ளைப் படமும் இருந்தன. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மாமி பூசி உருவிவிட்ட அன்றைக்கே பிள்ளையின் கழுத்து மடிப்பும் நெஞ்சும் சிவந்துவிட்டன. அடுத்த நாள் தோல் தடித்து, தொட்டாலே வீறிட்டு அழத் தொடங்கினாள். கடையில் கேட்டதற்கு, "உள்சூடு வெளியே வருது தங்கச்சி, விடாமப் பூசுங்க" என்றார்களாம். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்தப் பதில்தான். பூசிய இடம் சிவந்தால் அந்த எண்ணெய் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். மேலும் பூசினால் புண்ணாகும்.

மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் ஒரு காரம் இருந்தது. வீட்டுத் தேங்காயெண்ணெயை ஒரு கிளாஸிலும் இதை இன்னொரு கிளாஸிலும் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தோம். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். வீட்டு எண்ணெய் வெள்ளையாய் இறுகிவிட்டது. கடை எண்ணெயில் அடியில் கொஞ்சம்தான் இறுகியது, மேலே மஞ்சளாய் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கிளாஸையும் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான், "சளி பிடிக்காமல் இருக்கக் கடுகெண்ணெயும் கற்பூரமும் சேர்த்திருக்கு" என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்று: முழுதாக உறைந்துவிட்டது என்பதற்காக எண்ணெய் சுத்தம் என்று நம்ப முடியாது. கற்பூரம் எண்ணெயில் கரைந்துவிடும், இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு மூக்குதான் துணை.

கடுகை அரைக்கும்போது கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அதே காரப்பொருள் கடுகெண்ணெயிலும் இருக்கக்கூடும். பெரியவர்கள் தாங்குவார்கள். பிறந்த பிள்ளையின் மேல்தோல் மெல்லியது, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்பு அடுக்கு இன்னும் முழுதாகத் தேறாதது. எலித் தோலில் செய்த ஆய்வில், கடுகெண்ணெய் பூசிய தோல் ஆறத் தாமதமானது, சூரியகாந்தி எண்ணெய் பூசியது விரைவாகத் தேறியது. கற்பூரம் இதைவிடப் பயங்கரம். தோல் வழியாகவே உடம்புக்குள் போய், கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கக்கூடியது. இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த எதையும் பூசக் கூடாது.

வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் ஒலிவ் எண்ணெயைப் பிள்ளைக்கென்று எடுத்து வைப்பவர்களும் இங்கே நிறையப் பேர். அதில் அதிகமாக இருக்கும் ஒலேயிக் அமிலம் தோலின் அந்தக் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தும். பெரியவர்களின் தோலில் பூசிப் பார்த்தபோதே லேசாகச் சிவந்திருக்கிறது. வறண்ட தோலோ கரப்பானோ உள்ள பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, எதைப் பூசுவது? பூசத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எண்ணெய் இல்லாமலும் பிள்ளை நன்றாக வளரும். பூச ஆசையென்றால், தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வீட்டில் எடுத்த எண்ணெயோ, வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெயோ போதும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளில் செய்த ஆய்வுகளிலும் தேங்காயெண்ணெய் தோலின் ஈர இழப்பைக் குறைத்திருக்கிறது. முதலில் கெண்டைக்காலில் ஒரு சின்ன இடத்தில் தடவி, மறுநாள் வரை பாருங்கள். சிவக்கவில்லையென்றால் உடம்புக்கு அரைத் தேக்கரண்டி அளவு, குளிக்க வார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தடவலாம். நம் வெயிலில் அதிகம் பூசி அப்படியே விட்டால் வியர்வைத் துளை அடைபட்டு வேர்க்குரு போடும். அதனால் கழுத்து, கமக்கட்டு, தொடை மடிப்புகளைத் துடைத்துவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டும் விடாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சி உண்டாகும்.

தங்கச்சி பிள்ளைக்கு, வைத்தியர் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய சோப் போட்டுக் கழுவி, எல்லா எண்ணெயையும் நிறுத்தினோம். சிவப்பு படிப்படியாக இறங்கியது. சீழ்க் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, கை கால் வெட்டுவது இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இப்படிப் போத்தல் உங்கள் வீட்டிலும் இருந்தால் ஊற்றிவிடாதீர்கள். பில்லோடு பத்திரமாக வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள், அல்லது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். எங்கள் போத்தலை ஏற்கெனவே முறைப்பாட்டோடு கொடுத்துவிட்டோம்.