குரூப்ல "சூப்பர் ணா" போடறதா, மேனேஜருக்கு நாலு வரி மெயில் எழுதறதா: ரெண்டும் செஞ்சு பாத்ததுல

கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரில ஆபீஸ் வேலை எனக்கு, டிஸ்பேட்ச், ரிஜிஸ்டர், மெயில் எல்லாம் நம்ம கைலதான். எங்க கம்பெனிக்கு ஹெட் ஆபீஸ் கீழ கோயமுத்தூர்ல இருக்கு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபைல் வச்சிருக்காங்க, ஏப்ரல்ல இன்க்ரிமெண்ட் பேசும்போது அதைத்தான் தொறப்பாங்க. என் கூட வேலை செய்யற, டீ இலையை உலர்த்தற டிரையர் மெஷினை பாத்துக்கற அண்ணனோட ஃபைலை போன வருஷம் பாத்தேன். லீவ் லெட்டர் ரெண்டு, ஒரு மெமோ, அவ்வளவுதான். ஆனா எங்க வாட்ஸ்அப் குரூப்ல அவருக்கு வந்த பாராட்டை எல்லாம் சேத்தா நாலு பக்கம் வரும். அந்த நாலு பக்கத்துல ஒண்ணு கூட ஃபைலுக்கு போகல. அதனாலதான் எந்த வழி உருப்படியா நிக்குதுன்னு நானே செஞ்சு பாத்தேன்.

முதல்ல சின்ன ஆப்ஷனை எல்லாம் சொல்லி முடிச்சிடறேன். மாசாமாசம் சர்டிஃபிகேட் குடுக்கறது போட்டோவுக்கு நல்லா இருக்கும், "சிறந்த ஊழியர்"னு போட்டிருக்கும், எதுக்குன்னு போட்டிருக்காது. மார்ச் மாசம் உக்காந்து மொத்த வருஷத்துக்கும் ஒரு லெட்டர் எழுதறதும் இருக்கு, அப்ப நமக்கு ஞாபகம் இருக்கறது ஜனவரி பனில நடந்ததும் பிப்ரவரில நடந்ததும்தான், ஜூலை மழைல ராத்திரி நின்ன ஆளு மறந்து போயிடுவார். கம்பெனி ஆப்ல "குட் ஜாப்" பேட்ஜ் அனுப்பற முறையும் வந்துச்சு, நான் அதை ரெண்டு மாசம்தான் யூஸ் பண்ணேன், அதனால அதைப் பத்தி உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன். அலச வேண்டிய போட்டி வாட்ஸ்அப் பாராட்டுக்கும் அந்த வாரமே போடற சின்ன மெயிலுக்கும் நடுவுலதான்.

வாட்ஸ்அப்போட நல்லது எல்லாருக்கும் தெரியும். உடனே போகுது, பத்து பேர் கை தட்டறாங்க, அந்த ஆளுக்கு அன்னிக்கு மனசு நெறஞ்சிடுது. அதை நான் விட சொல்லவே மாட்டேன். ஆனா ஒம்பது மாசம் கழிச்சு, அந்த ஆளை ஒரு தடவை கூட பாக்காத, டிரையர் ரூம் பக்கமே வராத ஒருத்தர் கோயமுத்தூர்ல உக்காந்து படிச்சா அது என்ன சொல்லும்? இந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு. போன் மாத்துனா மெசேஜ் போயிடுதுங்கறது ரெண்டாவது பிரச்சனை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து பத்திரமா வச்சாலும் அதுக்குள்ள விஷயம் இல்லைன்னா வச்சு பிரயோஜனம் இல்ல.

நடந்ததையே சொல்றேன். ஜூலை ரெண்டாவது வாரம், நல்ல மழை, ராத்திரி ஷிப்ட். காலைல குரூப்ல நான் போட்டது இதுதான்: "சூப்பர் ணா, நேத்து நம்ம மானத்தையே காப்பாத்திட்டீங்க." கீழ கைதட்டற பொம்மை பதினாலு. இதை அப்படியே பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சா, நேத்துன்னா எந்த நேத்து, எந்த மானம், என்ன பண்ணார்னு ஒண்ணும் தெரியாது. அடுத்த நாள் டீ டைம்ல அண்ணன்கிட்ட போய் உக்காந்து கேட்டேன்.

"ணா, அன்னிக்கு முதல்ல எதை பாத்து சந்தேகம் வந்துச்சு?"

"டிரையர் வாய்ல கைல அள்ளி பாத்தேன் தம்பி, நறுக்குன்னு இல்ல, மெத்துன்னு இருந்துச்சு. மணி ரெண்டே முக்கால் இருக்கும். மீட்டர்ல போட்டா 5.8 காட்டுது."

டிரையர்ல இருந்து வர்ற தூள் எங்ககிட்ட 3 சதவீத ஈரத்துக்கு பக்கத்துல இருக்கணும். 5.8 இருக்கற தூளை நல்ல தூளோட சலிச்சு மூட்டை கட்டிட்டா, மழைக்காலத்துல குடோன்லயே ஒரு புழுக்க வாசனை ஏறிடும், அப்புறம் அந்த லாட் முழுக்க கெட்ட பேரு. ஏன் அப்படி ஆச்சுன்னா, விறகு அட்டி மேல போட்ட தார்ப்பாய் காத்துல விலகி நனைஞ்ச விறகு ஹீட்டருக்குள்ள போயிருக்கு, காத்தோட சூடு எறங்கிடுச்சு. அண்ணன் என்ன பண்ணார்னா, முதல்ல டிரையருக்குள்ள போற இலையோட வேகத்தை கொறைச்சார், பின்னாடி ஷெட்ல இருந்து காஞ்ச விறகை கொண்டு வர சொன்னார், அதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷத்துல வெளிய வந்த தூளை, கிட்டத்தட்ட 180 கிலோ, தனியா ஒதுக்கி வச்சு மறுபடி ஓட்டுனார். ரெண்டாவது தடவை சூடு ஏறுன தூள்ல கருகல் சாயல் வந்துடும்ங்கறதால அதை மத்த தூளோட கலக்க விடல, தனி அடையாளம் போட்டு வச்சார். மூணரைக்கு மீட்டர் 3.1. எல்லாத்தையும் நேரம் போட்டு ரிஜிஸ்டர்ல எழுதியும் இருக்கார்.

அவரு பேசி முடிச்சதும்தான் எனக்கு புரிஞ்சுது, "மானத்தை காப்பாத்திட்டீங்க"ங்கற வார்த்தைக்குள்ள இவ்வளவு வேலைத்திறமை மறைஞ்சு கெடந்திருக்கு. சரின்னு மெயில் எழுத ஆரம்பிச்சேன். முதல் தடவை எழுதுனதுல ரெண்டு தப்பு இருந்துச்சு, அதையும் சொல்றேன், ஏன்னா எல்லாரும் இங்கதான் சறுக்கறாங்க.

ஒண்ணு, "பல லட்சம் நஷ்டத்தை தடுத்தார்"னு எழுதிட்டேன். மேனேஜர் படிச்சுட்டு அமைதியா கேட்டார், எப்படி கணக்கு போட்டீங்கன்னு. 180 கிலோ, கிலோ 100 ரூபான்னு வச்சாக்கூட 18,000 ரூபா. கலந்து போயிருந்தா இன்னும் அதிகமா இருந்திருக்கும், ஆனா எவ்வளவுன்னு யாராலயும் காட்ட முடியாது. படிக்கறவங்க இந்த ஒரு பொய்க்கணக்கை பிடிச்சுட்டா மீதி உண்மையும் சந்தேகத்துக்கு போயிடும். அதனால ரூபாயை எடுத்துட்டு, கண்ணால பாத்ததை மட்டும் வச்சேன்: அந்த லாட் குன்னூர் ஏலத்துக்கு சரியான வாரத்துல போச்சு, ஈரம்னு ஒரு புகாரும் திரும்பி வரல.

ரெண்டாவது தப்பு, "ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்கு போகாம நின்னார், பையனுக்கு காய்ச்சல்னு தெரிஞ்சும்"னு பாசத்துல சேத்துட்டேன். அண்ணன் படிச்சுட்டு முகம் மாறிடுச்சு. வீட்டு விஷயம் ஆபீஸ் ஃபைல்ல எதுக்கு தம்பின்னார். நியாயம்தானே. அது மட்டும் இல்ல, ஷிப்ட் தாண்டி நின்னார்னு நாம பெருமையா எழுதுனா, ஓவர்டைம் எங்க பதிவு பண்ணீங்கன்னு ஒரு கேள்வி அவருக்கும் சூப்பர்வைசருக்கும் வரும். பாராட்டுல இன்னொருத்தர் மாட்டக் கூடாது. அதே மாதிரி "மத்தவங்க கவனிக்காததை இவர் கவனிச்சார்"னு போட்டா முந்துன ஷிப்ட்காரங்களை குத்தற மாதிரி ஆயிடும். அவர் செஞ்சதை மட்டும் சொன்னா போதும். இன்னொண்ணும் அவரே திருத்துனார், விறகு நனைஞ்சிருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது ஹீட்டர்ல இருந்த பையன், அவன் பேரும் வரணும்னார். அனுப்பறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்ட ஆளுகிட்ட காட்டணும்னு நான் விடாப்பிடியா சொல்றது இதனாலதான்.

கடைசியா போனது இதுதான், பேரை மட்டும் எடுத்துட்டு போடறேன்:

"ஜூலை 11 ராத்திரி ஷிப்ட்ல, காலை 2.45 மணிக்கு, டிரையர் வாயில் தூள் ஈரமா இருப்பதை கையால் உணர்ந்து மீட்டரில் சோதித்தார் (5.8%). உடனே இலை போகும் வேகத்தை குறைத்து, ஹீட்டர் உதவியாளர் கண்டுபிடித்த நனைந்த விறகை மாற்ற வைத்தார். ஏற்கனவே வந்த சுமார் 180 கிலோவை தனியாக ஒதுக்கி மறுபடி உலர்த்தி, மற்ற தூளோடு கலக்காமல் அடையாளமிட்டார். 3.30க்கு ஈரம் 3.1%. நல்ல தூள் அந்த வார ஏலத்துக்கு போனது, ஈரம் குறித்து புகார் வரவில்லை. டிரையர் ரிஜிஸ்டரில் அதே தேதியில் பதிவு இருக்கிறது."

மேனேஜருக்கு அனுப்பி, ஹெச்ஆருக்கும் அண்ணனுக்கும் காப்பி. மெயில் தலைப்புல அவரு பேரு, எம்ப்ளாயி நம்பர், "பாராட்டு, ஃபைலில் சேர்க்க"ன்னு போட்டேன், இல்லைன்னா அது இன்பாக்ஸ்லயே தங்கிடும். ஃபைல்ல சேத்தாச்சான்னு ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணியும் கேட்டேன். தமிழ்லதான் எழுதுனேன், இங்கிலீஷ்ல எழுதியிருந்தா அந்த ரெண்டு தப்பையும் அண்ணன் பிடிச்சிருக்க மாட்டார். உங்க ஹெச்ஆர் தமிழ் படிக்காதவங்கன்னா கீழ இங்கிலீஷ்ல ரெண்டு வரி சேத்துக்கலாம், ஆனா மேல இருக்கறது அந்த ஆளுக்கு புரியற பாஷைல இருக்கட்டும்.

இதுல கஷ்டம் இல்லாம இல்ல. வாட்ஸ்அப்க்கு பத்து செகண்ட், இதுக்கு கேட்டு, எழுதி, காட்டி, திருத்தி அரை மணி நேரம் ஆகுது. எல்லா நல்ல காரியத்துக்கும் இதை பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, வாரம் ஒண்ணு எழுதுனா யாரும் படிக்க மாட்டாங்க. நான் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு, மூணுன்னு வச்சிருக்கேன். இப்ப குரூப்ல பாராட்டு போடறதை நிறுத்தல, அதுலயே தேதியும் செஞ்ச ஒரு காரியமும் சேத்து போடறேன், "ணா, வியாழன் ராத்திரி அந்த 180 கிலோவை தனியா ஒதுக்குனீங்களே"ன்னு. பின்னாடி மெயில் எழுதும்போது அதுவே ஞாபகக் குறிப்பா ஆயிடுது.

எந்த மாதிரி வேலைக்கு இது சரியா வராதுன்னும் சொல்லணும். சார்ட்டிங் ரூம்ல இருக்கற அக்காங்களுக்கு எழுத உக்காந்தா எனக்கு முதல்ல வந்த வார்த்தை "அமைதியானவங்க, எல்லார்கிட்டயும் அனுசரணையா இருப்பாங்க". நல்ல வார்த்தைதான், ஆனா அது குணம், வேலை இல்ல. ஆம்பளைங்களுக்கு மீட்டர் நம்பர் எழுதறேன், பொம்பளைங்களுக்கு குணம் எழுதறேன்னு தெரிஞ்சப்ப மனசு சங்கடமாயிடுச்சு. ஒருநாள் நடந்த சம்பவம்னா எழுதிடலாம், தினமும் தப்பு நடக்காம பாத்துக்கற வேலைக்கு சம்பவமே இருக்காதே. இதுக்கு இன்னும் முழுசா வழி கெடைக்கல. இப்போதைக்கு ஒரு மாசம் எடுத்து, எத்தனை மூட்டை சலிச்சாங்க, அதுல நார் இருக்குன்னு எத்தனை திரும்பி வந்துச்சுன்னு பாத்து எழுதலாம்னு ஆரம்பிச்சிருக்கேன்.

ஏப்ரல்ல ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. அண்ணன் ஃபைலை வச்சுட்டு ஒருத்தங்க கேட்டாங்க, ஜூலை 11 டிரையர் ரிஜிஸ்டர் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமான்னு. அஞ்சு நிமிஷத்துல அனுப்புனேன். இன்க்ரிமெண்ட் அதனாலதான் கெடச்சுதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, அந்த வருஷம் மத்தவங்களுக்கும் ஏறுச்சு. ஆனா கூப்பிட்டு ஒரு பக்கத்தை கேட்டாங்க. அண்ணன்கிட்ட சொன்னப்ப "அந்த பையன் பேரும் அதுல இருக்குல்ல?"ன்னுதான் முதல்ல கேட்டார்.