திருப்பிப் பொருத்திய தலையுடன் வந்த பத்துப் பின் டிபக் கேபிள்: வாங்குவோர் கவனத்திற்கு

மீன்பிடிப் படகுகளின் ஐஸ் பெட்டிகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறிய சர்க்கிட் ஒன்றைத் திருகோணமலையில் என் வீட்டு மேசையில் உருவாக்கி வருகிறேன். அதிலுள்ள எஸ்.டி.எம்.32 சிப்புக்குப் புரோகிராம் ஏற்றுவதற்காக, இணையத்தில் விற்கும் கொழும்புக் கடை ஒன்றிலிருந்து 1.27 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பத்துப் பின் கேபிளையும், புரோகிராம் ஏற்றும் கருவியான டிபக்கரின் இருபது பின்னைப் பத்தாக மாற்றும் அடாப்டரையும் சேர்த்து வாங்கினேன். அந்தக் கேபிள் பிழையாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. என் டிபக்கரின் ஒரு பின் அதனால் பழுதானது.

விற்பனைப் படத்தில் கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தது. பார்சலில் வந்ததோ கோடே இல்லாத கறுப்புக் கேபிள். அந்தக் கோடு 1ஆம் பின்னுக்குரிய கம்பியைக் காட்டுவது. அது இருந்திருந்தால், ஒரு முனையில் கோடு கனெக்டரின் 1ஆம் பின்னைக் காட்டும் முக்கோணக் குறியின் பக்கமும் மறுமுனையில் அதற்கு எதிர்ப்பக்கமும் கிடப்பதைக் கண்ணாலேயே கண்டிருப்பேன். கனெக்டர்களில் முக்கோணமும் பள்ளத்தில் அமரும் சிறு புடைப்பும் சரியாகவே இருந்தன. பிழை, ஒரு கனெக்டரைக் கேபிளின் மீது நூற்றெண்பது பாகை திருப்பி வைத்து அழுத்தியதில்தான் இருந்தது. என் சர்க்கிட் பலகையிலும் அடாப்டரிலும் பள்ளமுள்ள சாக்கெட்டுகள் இருந்ததால், தவறாக மாட்டிவிட முடியாது என்று நம்பியே மாட்டினேன். அந்தப் பள்ளமே தவறான திசையில் மாட்டும்படி என்னைக் கட்டாயப்படுத்தியது.

பலகைக்கு மடிக்கணினியின் யு.எஸ்.பி. மூலம் மின்சாரம் கொடுத்து, டிபக்கரோடு பேசும் மென்பொருளான ஓப்பன்ஓசிடியை இயக்கியபோது திரையில் வந்தவை இவை:

```
Info : Target voltage: 2.197183
Error: init mode failed (unable to connect to the target)
```

பலகையின் மின்னழுத்தம் 3.3 வோல்ட் என்பது எனக்குத் தெரியும். 2.2 என்ற எண்ணைப் பார்த்த உடனேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அடாப்டர்மீது சந்தேகப்பட்டு இரண்டு நாள்களை வீணாக்கியதோடு, ரீசெட்டை அழுத்தியபடி இணைந்தால் சரியாகும் என்று `reset_config srst_only srst_nogate connect_assert_srst` என்ற வரியையும் சேர்த்தேன். டிபக்கர் கெட்டது அப்போதுதான்.

கனெக்டர் திரும்பியிருந்தால் 1ஆம் பின் 10உக்கும், 2ஆம் பின் 9உக்கும், 4ஆம் பின் 7உக்கும் போய்ச் சேரும். டிபக்கர் மின்னழுத்தத்தை அளக்கும் 1ஆம் பின், பலகையின் ரீசெட் கம்பியில் அமர்ந்தது, அங்கே 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் பத்துக் கிலோ ஓம் தடை வழியாக மட்டுமே மின்னழுத்தம் கிடைத்ததால் அளவு குறைந்து தெரிந்தது. பலகையின் தரவுக் கம்பியான 2ஆம் பின், அடாப்டரில் கிரவுண்டோடு இணைந்திருந்த 9ஆம் பின்னில் மாட்டிக்கொண்டது. கடிகாரக் கம்பியான 4ஆம் பின் எதையும் தொடவில்லை. இவற்றைவிடக் கேடானது, டிபக்கரின் ரீசெட் பின் பலகையின் 3.3 வோல்ட்டில் அமர்ந்திருந்ததுதான்: அதைக் கிரவுண்டுக்கு இழுக்கும்படி நானே கட்டளை கொடுத்ததால், பலகையின் மின்சாரம் முழுவதையும் கீழே இழுக்க முயன்று அந்தப் பின் உயிரை விட்டது.

கேபிளைப் பலகையில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் போதும். மீட்டரின் முனை இந்த நுண்ணிய துளைகளுக்குள் நுழையாது. தடித்த கம்பியைத் திணித்தால் உள்ளிருக்கும் தொடுவான் விரிந்துவிடும். ஆகவே கேபிளின் ஒரு முனையை அடாப்டரில் மாட்டி, மறுமுனையில் 1.27 மில்லிமீட்டர் பின் வரிசைத் துண்டு ஒன்றைச் செருகி, மீட்டரை ஒலிச் சோதனையில் வைத்து அந்தப் பின்களைத் தொட்டுப் பாருங்கள். இருபது பின் பக்கத்தின் 1, 7, 9, 15 ஆகியவை பத்துப் பின் பக்கத்தில் முறையே 1, 2, 4, 10 ஆகியவற்றோடு ஒலி எழுப்ப வேண்டும். கிரவுண்ட் 3, 5 ஆகிய பின்களிலும், என்னுடையதைப் போன்ற அடாப்டரில் 9இலும் ஒலிக்க வேண்டும். என் கேபிளிலோ அது 2, 6, 8 ஆகியவற்றில் ஒலித்தது.

கடைக்காரருக்கு இந்த அளவீடுகளைப் படங்களோடு அனுப்பினேன். "நீங்கள் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள்" என்பதே பதில். பள்ளமுள்ள சாக்கெட்டில் அது எப்படி முடியும் என்று கேட்டதற்கு, என் செலவில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் பார்ப்பதாகச் சொன்னார். சிவப்புக் கோடுள்ள அதே படம் இன்னும் அவர்களுடைய பக்கத்தில் இருக்கிறது.

கனெக்டரைக் கழற்றி மறுபடி அழுத்தும் யோசனையைக் கைவிட்டேன், 0.635 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடக்கும் கம்பிகளைப் பற்கள் ஒருமுறை துளைத்துவிட்டால் இரண்டாம் தடவை பிடிப்பு நிலைக்காது. ஒரு முனையின் புடைப்பைப் பிளேடால் சீவி, கனெக்டரைத் திருப்பி மாட்டி, 1ஆம் கம்பியின் இரு முனைகளிலும் தங்கையின் சிவப்பு நகப்பூச்சைத் தடவினேன். இப்போது திரையில் 3.27 வோல்ட் தெரிகிறது, சிப்பும் பதில் சொல்கிறது. டிபக்கரின் ரீசெட் மட்டும் வேலை செய்வதில்லை. இணைக்கும் ஒவ்வொரு முறையும் பலகையின் ரீசெட் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துச் சமாளிக்கிறேன்.