மீன் அறையில் மைனஸ் 134: ஒரு மேக்ஸ்31865 பலகையோடு இரண்டரை ஆண்டு

தண்டையார்பேட்டை நண்பர் சென்ற வாரம் கேட்டார்: "காசிமேட்டில் அண்ணாச்சியின் மீன் அறையில் மாட்டியிருக்கிறீர்களே, வெப்பநிலை அளக்கும் பலகை, அதையே நானும் வாங்கட்டுமா?" இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். பழுது பார்த்த கை இன்னும் சூடாக இருக்கும்போது கேட்டுவிட்டார். வாயில் சொன்ன பதில் அவ்வளவு நாகரிகமாக இல்லை என்பதால் இங்கே முறையாக எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிடி100 உணரியை அளந்து எண்ணாகக் கொடுப்பதில் மேக்ஸ்31865 சில்லு மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பலகையில் ஒப்பீட்டு மின்தடை 430 ஓம். அளவு 15 பிட்டில் வருகிறது. ஒரு படி என்பது ஏறக்குறைய 0.03 டிகிரி. உணரி அவ்வளவு துல்லியம் கிடையாது, ஆனாலும் அளவு தள்ளாடாமல் நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும். மூன்று கம்பி இணைப்பில் எட்டு மீட்டர் தள்ளி உணரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்துப் பார்ப்பேன். ஐஸுக்குக் காசிமேட்டில் பஞ்சமா? இரண்டரை ஆண்டில் பூஜ்யத்திலிருந்து அது நகர்ந்ததாக என்னால் சொல்ல முடியாது. உணரியின் கம்பி அறுந்தால் அதையும் சொல்லிவிடும். அதற்கென்றே கடைசி பிட்டைப் பிழை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இந்தப் பிட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

பெட்டியில் செத்தது இந்தச் சில்லு அல்ல, அதை இயக்கிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை. துறைமுகத்து உப்புக் காற்றில் அதன் கால்கள் பச்சை பூத்துவிட்டன. ரிச்சி தெருவில் அதைவிட வேகமான வேறொன்றை வாங்கி வந்து, நிரலின் அந்தப் பகுதியை மட்டும் புதிதாக எழுதினேன். உணரிப் பலகையோடு இரண்டரை ஆண்டு முன்பு வந்த ஒற்றைத் தாள் இன்னும் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது. சில்லும் மைக்ரோகன்ட்ரோலரும் கடிகாரத் துடிப்புக்கேற்பப் பேசிக்கொள்ளும் இணைப்புதான் எஸ்.பி.ஐ.; அதில் 0 முதல் 3 வரை நான்கு முறைகள் உண்டு. எஸ்.பி.ஐ., முறை 0 என்று தாளில் அச்சிட்டிருந்தார்கள். நம்பினேன்.

மின்சாரம் கொடுத்ததும் திரையில் மைனஸ் 134. அறை உண்மையில் மைனஸ் 18-இல் இருந்தது. போதாததற்குப் பிழை விளக்கு வேறு, எரிவதும் அணைவதுமாக. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, இந்தக் குளிரில் மீன் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடாதா?" என்றார். எஸ்.பி.ஐ.யில் ஏதோ கோளாறு என்றேன். "வங்கியில் என்ன கோளாறு? காலையில்கூடப் பணம் கட்டிவிட்டு வந்தேனே!"

இரண்டு நாள் வீணாகப் போனது. பற்றவைப்பை எல்லாம் மறுபடி வைத்தேன், கம்பியை மாற்றினேன், புது பிடி100 ஒன்றும் வாங்கினேன். பிழை விளக்கு மினுக்கியதால் எங்கோ கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறது என்ற எண்ணம் மண்டையில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. உணரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் துல்லியமான 100 ஓம் மின்தடையைப் போட்டேன். நிரல் 50.0 ஓம் என்று காட்டியது. 49.3 அல்ல, 51 அல்ல, சரிபாதி. பற்றவைப்புக் கோளாறு சரிபாதி காட்டாது. எண் பாதியானால், பிட்டுகள் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டன என்று பொருள்.

ஏன் நகர்கின்றன என்பதில்தான் இந்த நான்கு முறைகளின் கதை முழுவதும் இருக்கிறது. CPOL என்ற பிட், கடிகாரக் கம்பி ஓய்வில் இருக்கும்போது தாழ்ந்திருக்குமா, உயர்ந்திருக்குமா என்பதை மட்டும் சொல்கிறது. CPHA என்ற பிட், ஒவ்வொரு துடிப்பின் இரண்டு விளிம்புகளில் எதில் தரவைப் படிப்பது என்பதைச் சொல்கிறது. 0 என்றால் முதல் விளிம்பில் படி, இரண்டாவதில் மாற்று. 1 என்றால் முதல் விளிம்பில் மாற்று, இரண்டாவதில் படி. முறை 0 என்பது இரண்டும் 0. முறை 1 என்பது CPOL 0, CPHA 1. ஓய்வு நிலை இரண்டிலும் ஒன்றே. அதனால் கம்பியில் மீட்டரை வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

காசிமேட்டு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. ஏலக்காரர் ஒரு கை தட்டினால் அடுத்த கூடை வருகிறது, மறு கை தட்டினால் கணக்கெழுதுபவர் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடை மாறும் அதே தட்டலில் அவர் எழுதினால் என்ன ஆகும்? புதுக் கூடை வந்து உட்காருவதற்குள் எழுதிவிடுவார். எழுதியது பழைய கூடையின் கணக்கு. எல்லாக் கணக்கும் ஒரு வரி கீழே இறங்கிவிடும். முதல் வரியில் ஏலம் தொடங்கும் முன் தரையில் என்ன கிடந்ததோ அது ஏறும். கடைசிக் கூடை கணக்கிலேயே வராது.

மேக்ஸ்31865-க்கு வேண்டியது CPHA 1. அது உள்ள முறை 1, முறை 3 இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்; 0-வும் 2-ம் அதற்கு ஆகாது. தாள் சொன்ன முறை 0-இல், ஏறும் விளிம்பில் சில்லு அடுத்த பிட்டை வெளியே வைக்கிறது, அதே ஏறும் விளிம்பில் என் மைக்ரோகன்ட்ரோலர் படிக்கிறது. மைனஸ் 18-இல் பிடி100-இன் மின்தடை சுமார் 92.95 ஓம். பிழை பிட்டையும் சேர்த்துச் சில்லு அனுப்ப வேண்டிய 16 பிட் எண் 0x3756. ஓரிடம் நகர்ந்தால் அது 0x1BAB. முன்னால் வந்து சேர்ந்த பிட், கம்பியில் முன்பே கிடந்த நிலை. எனக்கு அது 0-ஆக வந்தது, இல்லையென்றால் இன்னும் பெரிய கூத்தாகியிருக்கும். நகர்ந்த எண்ணைக் கணக்கிட்டால் 46.5 ஓம் வருகிறது, அதாவது மைனஸ் 134 டிகிரி.

இப்போது அந்தக் கடைசி பிட்டுக்கு வாருங்கள். நகர்ந்த எண்ணில் பிழை அடையாளத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வெப்பநிலையின் மிகச் சிறிய பிட். அறை 0.03 டிகிரி அசைந்தால் அது மாறும். குளிரூட்டி ஓடி நிற்கும்போதெல்லாம் விளக்கு மினுக்கியதற்கு இதுதான் காரணம். அறுபடாத கம்பியில் அறுந்த இடத்தை இரண்டு நாள் தேடினேன்.

படிப்பதில் பாதி விலை கிடைத்தது என்றால், எழுதுவதில் அது சூதாட்டம். முறை 0-இல் மைக்ரோகன்ட்ரோலர் இறங்கும் விளிம்பில் தன் பிட்டை மாற்றுகிறது. சில்லு வாங்கிக்கொள்வதும் அதே இறங்கும் விளிம்பில். விளிம்பு கடந்த பிறகும் சில பத்து நானோநொடிகள் பிட் அசையாமல் இருக்க வேண்டும் என்று சில்லு எதிர்பார்க்கிறது. மாற்றம் சற்றுத் தாமதமாக வந்தால் சரியான பிட் போய்ச் சேரும். உடனே வந்தால் அடுத்த பிட்டைப் பிடித்துக்கொள்ளும். அமைப்பை எழுத நான் அனுப்புவது 0x80, 0xD1. ஒரு பிட் முந்திவிட்டால் முதல் பைட் 0x01 ஆகிறது. அது எழுதும் கட்டளையே அல்ல, படிக்கும் கட்டளை. சில காலைகளில் அமைப்பு ஏறாமல், அளவே தொடங்காமல், திரை மைனஸ் 240-க்கும் கீழே போய் நின்றது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சரியாகி, மைனஸ் 134-க்குத் திரும்பிவிடும். சரியாகிவிட்டது என்று சொல்லும்போதே சிரிப்பு வருகிறது.

சந்தேகம் தீர எட்டுக் கம்பி லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தேன். சில்லிலிருந்து வரும் கம்பி ஏறும் விளிம்பை ஒட்டியே மாறுவது தெளிவாகத் தெரிந்தது. மாறும் விளிம்பு எதுவோ, அதற்கு மறு விளிம்பில் படிக்க வேண்டும். முறையின் எண்ணை எந்தத் தாளும் சொல்லத் தேவையில்லை, இந்தப் படம் போதும். திருத்தம் ஒரே எழுத்து:

```
SPI.beginTransaction(SPISettings(1000000, MSBFIRST, SPI_MODE1));
digitalWrite(CS, LOW);
```

இந்த இரண்டு வரிகளின் வரிசையையும் மாற்றக் கூடாது. CS என்பது சில்லைத் தேர்ந்தெடுக்கும் கம்பி. அது தாழும் கணத்தில் கடிகாரக் கம்பி உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இந்தச் சில்லு CPOL எது என்று முடிவு செய்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் CS-ஐ முதலில் தாழ்த்திவிட்டுப் பிறகு முறையை மாற்றினால் தவறான நிலையைப் பார்த்துவிடும். அதே கம்பிகளில் பதிவுக்கு ஓர் எஸ்.டி. அட்டையும் இருக்கிறது, அது முறை 0-இல் ஓடுகிறது. நான் 3-ஐ விட்டு 1-ஐ எடுத்ததற்கு இதுதான் காரணம்: 0-வுக்கும் 1-க்கும் ஓய்வு நிலை ஒன்றே, ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கை மாறும்போது கடிகாரக் கம்பி துள்ளாது.

பழைய பெட்டி எப்படி இரண்டரை ஆண்டு ஓடியது? பழைய நிரலைத் தோண்டினேன். அப்போது பயன்படுத்திய நிரல் நூலகத்துக்குள் யாரோ புண்ணியவான் SPI_MODE1 என்று எழுதி வைத்திருக்கிறார். தாளை நான் அன்று படிக்கவே இல்லை. படித்ததுதான் இப்போது செய்த தவறு.

கோபம் பலகை மீது மட்டும் அல்ல. 1980-களில் மோட்டோரோலாவில் பிறந்த இந்த இணைப்புக்கு, எல்லாரும் கட்டுப்படும் ஒரே தர ஆவணம் கிடையாது. CPOL, CPHA என்ற பெயர்கள்கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிக் வரிசை மைக்ரோகன்ட்ரோலர்களில் CKE என்று ஒரு பிட் இருக்கும். அதன் பொருள் CPHA-வுக்கு நேர் எதிர். சில சில்லுகளின் கையேடுகளில் எண்ணே இருக்காது, அலைப் படத்தை வைத்து நாமே விளிம்பைத் தேட வேண்டும். போகட்டும், படம் பொய் சொல்லாது. எண் போட்டுத் தருகிறவர் சரியான எண்ணையாவது போட வேண்டாமா? விற்றவரிடம் கேட்டேன். எல்லாருக்கும் முறை 0-தான் போகிறது, உங்களுக்கு மட்டும் ஏன் என்றார்.

இந்தப் பலகைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போடுகிறேன். மேலே எழுதிய புகழ்ச்சியில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. மதிப்பெண்ணையும் ஏற்றப் போவதில்லை. தண்டையார்பேட்டை நண்பருக்கு வேண்டியது ஒரு குளிர்பானப் பெட்டிக்கு ஒரு டிகிரி துல்லியம். அதற்கு ஒரு தெர்மிஸ்டர் போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லை. 0-வை அடித்து, பக்கத்தில் பெரிதாக 1 என்று எழுதி, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். உப்புக் காற்று அடுத்த மைக்ரோகன்ட்ரோலரைத் தின்பதற்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகலாம்.